வாரண்டிக் காலத்தில் பழுதான ஃபிரிட்ஜ்: டெக்னீஷியன் வராமல் இழுத்தடித்தால் மாற்றுப் பெட்டி கேட்டுக் கடிதம் எழுதும் முறை

வாங்கி ஓராண்டு முடிவதற்குள் ஃபிரிட்ஜ் குளிராமல் நின்றுவிட்டது, புகார் கொடுத்தும் சொன்ன நாளில் டெக்னீஷியன் வரவில்லை, அடுத்த தேதி கொடுத்தார்கள், அன்றும் வரவில்லை என்ற நிலையில் நீங்கள் இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது. எங்கள் வீட்டில் இதையெல்லாம் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். எந்தத் தாள் எப்போது தேவைப்படும் என்பது முன்பே தெரிந்திருந்தால் பாதி அலைச்சல் குறைந்திருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றைப் புரிந்துகொள்வது அவசியம். பெரும்பாலான வாரண்டி அட்டைகள் பழுதை நீக்கித் தருவதாகவோ பாகத்தை மாற்றித் தருவதாகவோ மட்டுமே உறுதி கூறுகின்றன. ஒரு முறை பழுதானது என்பதற்காக முழுப் பெட்டியையும் மாற்றித் தர நிறுவனம் சம்மதிக்காது, நுகர்வோர் ஆணையமும் அவ்வளவு எளிதில் உத்தரவிடாது. பழுதை நீக்க நிறுவனத்துக்கு நியாயமான வாய்ப்புக் கொடுத்தும் அது நீக்கவில்லை, அல்லது நீக்கியதாகச் சொன்ன அதே பழுது திரும்பவும் வந்தது என்று காட்டும்போதுதான் மாற்றுப் பெட்டி கேட்கும் உரிமை வலுப்பெறுகிறது. அதனால் டெக்னீஷியன் வராமல் போன ஒவ்வொரு நாளும் எழுத்தில் பதிவாக வேண்டும். பெட்டிக்குள் என்ன கெட்டது என்பதை நிரூபிக்க நிபுணர் தேவைப்படலாம். குறித்த நாளில் ஆள் வரவில்லை என்பதை நிரூபிக்க உங்கள் கைப்பேசியில் உள்ள குறுஞ்செய்திகளே போதும்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டிய தாள்கள்

பில், வாரண்டி அட்டை, பெட்டியின் பெயர்த்தகட்டின் படம் ஆகிய மூன்றும் அடிப்படை. பெயர்த்தகடு பெரும்பாலும் உட்சுவரில் அல்லது பின்பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கும். மாடல் எண், வரிசை எண், குளிர்வாயுவின் பெயர், அதன் எடை கிராமில் என எல்லாம் அதில் இருக்கும். பில்லில் உள்ள வரிசை எண்ணும் தகட்டில் உள்ளதும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். கடையில் பில் போடும்போது எண் மாறிப்போயிருந்தால், இந்தப் பெட்டி எங்கள் பதிவில் இல்லை என்று பின்னால் சொல்லிவிடுவார்கள். மாறியிருப்பது தெரிந்தால் உடனே கடைக்காரரிடம் திருத்தி எழுதி வாங்கிவிடுங்கள். பில் தொலைந்திருந்தால் அதே கடையில் நகல் கேட்கலாம். அட்டையிலோ யுபிஐ வழியாகவோ பணம் கட்டியிருந்தால் வங்கிக் கணக்கு அறிக்கையும் துணைச் சான்றாகும்.

வாரண்டி அட்டையை முழுவதும் படியுங்கள். "10 ஆண்டு வாரண்டி" என்று கதவில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் கம்ப்ரெசருக்கு மட்டுமே உரியது. முழுப் பெட்டிக்கு வழக்கமாக ஓராண்டுதான். அந்த ஓராண்டு கடந்தபின் கம்ப்ரெசர் பழுதானால் கம்ப்ரெசர் இலவசமாகக் கிடைத்தாலும், வாயு நிரப்பும் செலவும் கூலியும் நம்மிடம் கேட்கப்படலாம். ஆகவே ஓராண்டு முடிய இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்பதை இப்போதே கணக்கிட்டு, முதல் எழுத்துப் புகார் அந்தத் தேதிக்கு முன்பே பதிவாகும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

2. பழுதை அளந்து எழுதி வையுங்கள்

"சரியாகக் குளிரவில்லை" என்ற புகாருக்கு "கதவை அடிக்கடி திறக்கிறீர்கள், குளிர்ச்சிக் குமிழைக் கூட்டி வையுங்கள்" என்பதுதான் பதிலாக வரும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஃபிரிட்ஜ் வெப்பமானி ஒன்றை வாங்கி, நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீருக்குள் போட்டு வையுங்கள். தண்ணீருக்குள் இருப்பதால் கதவைத் திறந்து மூடும்போது அளவு துள்ளாது. நன்றாக வேலை செய்யும் பெட்டியில் கீழ் அறை சுமார் 4 டிகிரி செல்சியஸிலும், ஃபிரீசர் மைனஸ் 18 டிகிரியை ஒட்டியும் இருக்க வேண்டும். காலையும் இரவும் வெப்பமானியைப் படமெடுத்தால் தேதியும் நேரமும் படத்திலேயே பதிவாகிவிடும். கீழ் அறை 15 டிகிரிக்கு மேல் நாள்கணக்கில் நிற்பதைக் காட்டும் படங்களை யாரும் கதவின் மேல் பழி போட்டு ஒதுக்க முடியாது.

மின்னழுத்தத்தையும் ஒரு முறை அளந்து எழுதி வைப்பது நல்லது. மின்னழுத்த ஏற்றத்தாழ்வால் வரும் பழுது வாரண்டியில் சேராது என்ற விதி பல அட்டைகளில் உண்டு. ஸ்டெபிலைசர் இல்லாமலே இயங்கும் என்று விற்ற பெட்டியானால், எந்த அழுத்த வரம்புக்குள் இயங்கும் என்று கையேட்டில் உள்ள பக்கத்தைப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

அவசரத்தில் வெளி மெக்கானிக்கை அழைத்துத் திறந்து பார்க்கச் சொல்லாதீர்கள். வாரண்டியை மறுக்க நிறுவனத்துக்கு அது ஒன்றே போதும். இப்போது வரும் பெட்டிகள் பலவற்றில் உள்ள ஆர்-600ஏ வாயு எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதால், பயிற்சி இல்லாதவர் கை வைப்பது ஆபத்தும் கூட.

3. புகாரைப் பதியும் முறையும் ஓடிபி எச்சரிக்கையும்

கட்டணமில்லா எண்ணில் அழைத்துப் புகார் எண்ணை வாங்குங்கள். அன்றே நிறுவனத்தின் வாடிக்கையாளர் மின்னஞ்சலுக்கும் அதே எண்ணைக் குறிப்பிட்டு இரண்டு வரி எழுதிவிடுங்கள். அழைப்பு அவர்களிடம் பதிவாகிறது, மின்னஞ்சல் நம்மிடம் பதிவாகிறது. அவர்கள் தரும் தேதியும் நேரமும் குறுஞ்செய்தியாக வந்தால் அழிக்காதீர்கள். வராவிட்டால் அன்று மாலையே அதே மின்னஞ்சல் தொடரில், "இன்று காலை 10 மணி முதல் 1 மணிக்குள் வருவதாகக் குறித்திருந்தீர்கள். வீட்டில் ஆள் இருந்தோம். யாரும் வரவில்லை, தொலைபேசியிலும் அழைக்கவில்லை" என்று எழுதுங்கள். கோபமோ விளக்கமோ வேண்டாம். அந்த மூன்று செய்திகள் இருந்தால் போதும்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஆள் வராமலேயே, "வாடிக்கையாளர் வீட்டில் இல்லை" என்றோ "பணி முடிந்தது" என்றோ குறித்துப் புகாரை மூடிவிடுவார்கள். பணி முடிந்ததற்கு அடையாளமாக உங்கள் கைப்பேசிக்கு ஓர் ஓடிபி எண் வரும் வழக்கம் பல நிறுவனங்களில் இருக்கிறது. "நாளை வருகிறேன், இப்போதைக்கு அந்த எண்ணைச் சொல்லுங்கள், தேதியை மாற்ற வேண்டும்" என்று டெக்னீஷியன் தொலைபேசியில் கேட்பார். சொல்லாதீர்கள். சொன்னால் பழுது நீங்கிவிட்டதாக நிறுவனத்தின் கணினியில் உங்கள் ஒப்புதலோடு பதிவாகும். பிறகு நீங்கள் கொடுப்பது தொடர் புகாராக இருக்காது, புதுப் புகாராகிவிடும். பெட்டி குளிர்ந்து, நீங்கள் வெப்பமானியைப் பார்த்தபின்தான் எண்ணைத் தர வேண்டும். பொய்யாக மூடப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் வழக்கில் அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

4. டெக்னீஷியன் வரும் நாளில் ஜாப் ஷீட்

வந்தவர் என்ன பார்த்தார், என்ன செய்தார் என்பதை ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள். தாள் தராமல் செயலியிலேயே முடிப்பவரானால், அந்தத் திரையைப் படமெடுக்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் அவர் சொன்னதை அன்றே மின்னஞ்சலில் நிறுவனத்துக்கு எழுதிவிடுங்கள்.

"கேஸ் லீக்" என்று சொன்னால் கூடுதல் கவனம் தேவை. ஃபிரிட்ஜின் வாயு மூடிய குழாய்க்குள் சுற்றுவது. பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகும் பொருளன்று. குறைந்தது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். முறையாகச் செய்பவர் கசியும் இடத்தைக் கண்டுபிடித்து அடைத்து, ஃபில்டர் டிரையரை மாற்றி, பம்ப் வைத்துக் குழாயை வெற்றிடமாக்கி, பெயர்த்தகட்டில் உள்ள கிராம் அளவுக்குத் தராசில் நிறுத்து வாயுவை நிரப்புவார். கசிவைத் தேடாமல் வாயுவை மட்டும் நிரப்பிவிட்டுப் போனால் சில நாளிலோ சில வாரத்திலோ மறுபடி அதே நிலை வரும். "கசிந்த இடம் எது, எத்தனை கிராம் நிரப்பினீர்கள்" என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடையைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். குழாயின் ஒரு பகுதி பெட்டியின் சுவருக்குள் நுரையில் புதைந்திருப்பதுண்டு. அங்கே கசிந்தால் சுவரைப் பிளக்காமல் சரிசெய்ய இயலாது. "உள்கசிவு" என்று டெக்னீஷியன் ஒரு சொல் எழுதிக் கொடுத்துவிட்டால் மாற்றுப் பெட்டிக்கான உங்கள் வாதம் பாதி முடிந்தது.

5. கடிதம் யாருக்கு, எப்போது

மின்னஞ்சலில் இரண்டு, மூன்று முறை வராத வருகைகள் பதிவானதும், அல்லது ஒரு முறை சரிசெய்த பழுது திரும்பியதும் கடிதத்தை அனுப்பிவிடலாம். மேலும் காத்திருப்பதால் பயனில்லை, வாரண்டிக் காலம்தான் கரையும்.

பில் போட்ட கடை, உற்பத்தி நிறுவனத்தின் பதிவு அலுவலகம் ஆகிய இரண்டுக்கும் அனுப்புங்கள். பணம் வாங்கியவர் கடைக்காரர், வாரண்டி கொடுத்தவர் உற்பத்தியாளர். ஒருவருக்கு மட்டும் எழுதினால் மற்றவரைக் காட்டித் தப்பிப்பார்கள். நிறுவனத்தின் முகவரி வாரண்டி அட்டையிலும், பெட்டி வந்த அட்டைப்பெட்டியிலும் அச்சிடப்பட்டிருக்கும். இணையக் கடையில் வாங்கியிருந்தால் அதன் குறைதீர் அலுவலருக்கும் ஒரு படி அனுப்புங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும்.

தபாலில் அனுப்புங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டதால், அஞ்சலகத்தில் விரைவுத் தபாலைப் பதிவுடன் அனுப்ப வேண்டும் என்றும் பட்டுவாடாச் சான்று வேண்டும் என்றும் கேளுங்கள். ரசீதில் உள்ள எண்ணை வைத்து, பட்டுவாடா ஆன நாளைக் காட்டும் பக்கத்தை அச்செடுத்துக்கொள்ளுங்கள். தலைமை அலுவலகம் வெளிமாநிலத்தில் இருந்தால் கடிதத்தின் ஆங்கிலப் படியையும் சேர்ப்பது காலத்தை மிச்சப்படுத்தும்.

6. கடிதத்தின் மாதிரி

எங்கள் வீட்டிலிருந்து அனுப்பிய கடிதத்தின் வடிவம் இது. பெயர்களையும் எண்களையும் நீக்கியிருக்கிறேன்.

> நாள்: 23.07.2025
>
> பெறுநர்: (1) மேலாளர், ... நிறுவனம், பதிவு அலுவலகம். (2) உரிமையாளர், ... கடை.
>
> பொருள்: வாரண்டிக் காலத்தில் பழுதான குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றுப் பெட்டி கோருதல். மாடல் எண் ..., வரிசை எண் ..., புகார் எண்கள் ...
>
> ஐயா / அம்மையீர்,
>
> மேற்கண்ட இரண்டு கதவுப் பெட்டியை 12.10.2024 அன்று பில் எண் ... மூலம் ரூ. 29,490 செலுத்தி வாங்கினேன். முழுப் பெட்டிக்குமான ஓராண்டு வாரண்டி நடப்பில் உள்ளது.
>
> 18.06.2025 அன்று பெட்டி குளிர்வது நின்றதால் புகார் பதிந்தேன். 20.06.2025 அன்று வருவதாகக் குறித்த டெக்னீஷியன் வரவில்லை. 24.06.2025 அன்று வந்தவர் வாயுக் கசிவு என்று கூறி, கசிந்த இடத்தைக் குறிப்பிடாமல் வாயு நிரப்பிச் சென்றார் (இணைப்பு 3). 09.07.2025 அன்று அதே பழுது மீண்டும் ஏற்பட்டது. இரண்டாம் புகாருக்குக் குறிக்கப்பட்ட 11.07.2025, 15.07.2025 ஆகிய நாட்களில் யாரும் வரவில்லை. 11.07.2025 மாலை "வாடிக்கையாளர் இல்லை" என்றும், 19.07.2025 அன்று "பணி முடிந்தது" என்றும் குறுஞ்செய்தி வந்தது (இணைப்பு 4). இரண்டும் உண்மைக்கு மாறானவை. இன்றைய நிலையில் கீழ் அறையின் வெப்பநிலை 21 டிகிரி செல்சியஸ் (இணைப்பு 5).
>
> ஒரு முறை நீக்கியதாகக் கூறிய பழுது மீண்டும் வந்திருப்பதும், குறித்த நாட்களில் சேவை அளிக்கப்படாததும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையே பொருளின் குறைபாடும் சேவைக் குறைபாடும் ஆகும். எனவே இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள், அதே மாடலிலோ அதே கொள்ளளவும் நட்சத்திரத் தரமும் கொண்ட வேறு மாடலிலோ புதிய பெட்டி ஒன்றை, தேய்மானப் பிடித்தமோ போக்குவரத்துக் கட்டணமோ இன்றி வழங்கக் கோருகிறேன். இயலாதெனில் பில் தொகை ரூ. 29,490ஐத் திருப்பித் தர வேண்டும். தவறினால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகி, இழப்பீடும் செலவுத் தொகையும் கோருவேன்.
>
> பெட்டியைச் சோதிக்க விரும்பினால், முன்கூட்டியே எழுத்தில் நாள் குறித்து வரலாம்.
>
> இணைப்புகள்: 1. பில் 2. வாரண்டி அட்டை 3. ஜாப் ஷீட் 4. குறுஞ்செய்திகள், மின்னஞ்சல்கள் 5. வெப்பமானிப் படங்கள்

கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால், "எங்களுக்குச் சோதிக்க வாய்ப்பே தரவில்லை" என்று நிறுவனம் பின்னர் பதில் சொல்லும். அசல் தாள்களை யாருக்கும் கொடுக்காதீர்கள், படிகளை மட்டுமே இணையுங்கள். கெட்டுப்போன உணவுப் பொருள்களின் மதிப்பைக் கோருவதானால் பில் உள்ளதை மட்டும் கோருங்கள். மிகைப்படுத்திய ஒரு தொகை மற்ற உண்மைகளின் நம்பகத்தையும் குறைத்துவிடும்.

7. பதிலாக வரும் சலுகைகளைப் படித்துக் கையெழுத்திடுங்கள்

கடிதம் போனபின் பெரும்பாலும் தொலைபேசி வரும். "மாற்றித் தருகிறோம், ஆனால் பயன்படுத்திய மாதங்களுக்குத் தேய்மானம் கழிப்போம்" என்பார்கள். அப்படிக் கழிக்கும் விதி உங்கள் வாரண்டி அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எந்த விதியின்படி என்று எழுத்தில் கேளுங்கள். புதுப்பித்த பழைய பெட்டியைத் தருவதும் நடக்கும். தருவது புதியதுதான் என்று மின்னஞ்சலில் உறுதி வாங்குங்கள். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில், புதிய பெட்டி வீட்டில் இயங்கிப் பார்ப்பதற்கு முன்பு கையெழுத்திட வேண்டாம்.

இதற்கிடையில் பழைய பெட்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்து வேறு ஃபிரிட்ஜ் வாங்கிவிடாதீர்கள். கைக்குழந்தையோ, இன்சுலின் போடுபவரோ உள்ள வீட்டில் காத்திருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அப்படியானால் தனியாக வாங்குங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள். ஆணையம் பெட்டியை ஆய்வகத்தில் சோதிக்கச் சொல்லலாம். பெட்டி கையில் இல்லாவிட்டால் குறைபாட்டைக் காட்ட எதுவும் மிஞ்சாது.

8. 15 நாளில் தீர்வு வராவிட்டால்

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள். கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். consumerhelpline.gov.in தளத்திலும் பதியலாம். நிறுவனத்தின் மேல்மட்டத்துக்குப் புகார் நேராகப் போவதால் பல புகார்கள் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடுகின்றன. ஆனால் இது நீதிமன்றம் அன்று, உத்தரவிட அதிகாரமில்லை. இங்கே புகார் நிலுவையில் இருப்பதால் வழக்குத் தொடுக்கும் காலவரம்பு நின்றுவிடாது.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், நிறுவனத்தின் தலைமையகம் எங்கிருந்தாலும் கவலையில்லை. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். e-jagriti.gov.in தளத்தில் இணையவழியாகவும் தாக்கல் செய்யலாம். புகார் மனு, உறுதிமொழிப் பத்திரம், கடிதத்தின் படி, பட்டுவாடாச் சான்று, மேலே சொன்ன இணைப்புகள் ஆகியவை வேண்டும். குறுஞ்செய்தி, மின்னஞ்சல் அச்சுப்படிகளோடு மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழையும் இணைத்துவிடுவது பாதுகாப்பு.

மனுவில் பொருளின் குறைபாடு, சேவைக் குறைபாடு இரண்டையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். உற்பத்திக் குறைபாட்டுக்கு நிபுணர் சான்று இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிட்டு வென்றாலும், வராத வருகைகளுக்கும் பொய்யாக மூடிய புகாருக்குமான கோரிக்கை தனியே நிற்கும். எதிர்த்தரப்பு பதில் தாக்கல் செய்ய 30 நாளும், அதிகபட்சமாக மேலும் 15 நாளும் உண்டு. அதற்குமேல் நீட்டிக்க ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்திருக்கிறது. பொருளைச் சோதிக்கத் தேவையில்லாத வழக்கை 3 மாதத்திலும், சோதிக்க வேண்டியதை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இதைவிட நீளும் என்று எதிர்பார்த்தே தொடங்குங்கள். ஆய்வகச் சோதனைக்கு உத்தரவானால் அதற்கான கட்டணத்தை முதலில் நம்மைக் கட்டச் சொல்லலாம்.

9. மாற்றுப் பெட்டி வந்து இறங்கும்போது

பழைய பெட்டியை ஏற்றிச் செல்வதற்கு ஒப்புகைச் சீட்டும், புதிய பெட்டியின் வரிசை எண் உள்ள பில் அல்லது மாற்றுச் சான்றும் வாங்குங்கள். மாற்றிய பெட்டிக்குப் புது ஓராண்டு வாரண்டியா, பழையதில் மிஞ்சிய நாள்களா என்பதை எழுத்தில் கேளுங்கள். அட்டையில் வேறு விதமாகச் சொல்லாதவரை, பல நிறுவனங்கள் மிஞ்சிய நாள்களையே தருகின்றன. பிரித்ததும் வரிசை எண்ணை ஒப்பிட்டு, கையேட்டில் சொன்ன நேரம் நிறுத்தி வைத்தபின் இயக்குங்கள். ஒரு நாள் கழித்து, அதே வெப்பமானியைத் தண்ணீர் டம்ளரில் போட்டுக் கீழ் அறையின் அளவைப் பாருங்கள். 4 டிகிரியை ஒட்டி வந்தபின் ஓடிபி எண்ணைச் சொல்லிப் புகாரை மூடலாம்.